துட்டி வீட்டுக்கு அனுப்பும் செய்தியை மாற்றி எழுதுவது எப்படி

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய் வருவதைத் துட்டி கேட்பது என்போம். நேரில் போனால் பேச்சே தேவைப்படாது. கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடலாம். இப்போது அதற்கு முன்னாலேயே வாட்ஸப்பில் ஒரு செய்தி போட வேண்டியிருக்கிறது, அங்கேதான் நான் பெரிய தப்புச் செய்தேன். என்னோடு பாளையங்கோட்டையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அம்மா இறந்தபோது நான் அனுப்பிய செய்தி இது:

"தங்கள் தாயாரின் மறைவுச் செய்தி கேட்டு ஆழ்ந்த அதிர்ச்சி அடைந்தேன். அன்னாரின் இழப்பு ஈடு செய்ய முடியாதது. நிறைவாக வாழ்ந்து, கஷ்டப்படாமல் போயிருக்கிறார்கள், கல்யாணச் சாவுதான். தைரியமாக இருங்கள். எந்த உதவி என்றாலும் தயங்காமல் கேளுங்கள். அன்னாரின் ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறேன்."

அம்மாவுக்கு 84 வயது, படுக்கையில் கிடந்தது இரண்டு வருடம். பதினாறு முடிந்து வேலைக்கு வந்தவள் மத்தியானச் சாப்பாட்டின்போது என்னிடம் கேட்டாள்: "கஷ்டப்படாமலாக்கா போனா எங்கம்மா? முதுகு பூரா புண்ணு. ராத்திரி திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் கத்துவா. நீங்களுமா அப்படி எழுதணும்?" அவள் கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் எனக்கு அது இன்னும் போகவே இல்லை. அந்தச் செய்தியை அவளிடமே கேட்டுக் கேட்டு, வரிவரியாகத் திருத்திப் பார்த்தேன். அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. எழுதுவதற்கு முன் குடும்பத்தார் அனுப்பிய அறிவிப்பை இரண்டு தடவை படியுங்கள்

இதற்கு ஆவணம் என்றால் அது ஒன்றுதான். இறந்தவர் பெயர், இனிஷியல், உங்களுக்குத் தெரிந்தவருக்கு அவர் என்ன முறை, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். அம்மா என்று நினைத்து எழுதி, இறந்தது மாமியார் என்று பிறகு தெரிந்து அழித்தவர்கள் உண்டு. அழித்த செய்தி அழித்ததாகவே அங்கே நிற்கும், என்ன எழுதினார்களோ என்று அந்த வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அதைவிட முக்கியம், மரணத்துக்கு அவர்கள் என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்பது. திருநெல்வேலி ஊரில் ஒரே தெருவில் நாலு விதமான வீடு இருக்கும். "இறைவனடி சேர்ந்தார்", "சிவபதம் அடைந்தார்", "கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்", "வஃபாத் ஆகிவிட்டார்" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சொல். கடவுள் நம்பிக்கை இல்லாத வீடு என்றால் "இயற்கை எய்தினார்" என்று போட்டிருப்பார்கள், அவர்களுக்குப் போய் ஆன்மா சாந்தியடைய என்று எழுதினால், இறந்தவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதை அவர் கண் மூடிய அன்றே மறுத்துப் பேசிய மாதிரி ஆகிவிடும். அவர்கள் போட்ட சொல் உங்கள் வாயில் இயல்பாக வராது என்றால் அதையும் போட வேண்டாம். மேலப்பாளையத்து நண்பர் வீட்டுக்கு அரபுச் சொற்றொடரை எங்கிருந்தோ எடுத்து ஒட்டி, அதிலும் எழுத்துப் பிழையோடு அனுப்புவதைவிட, "வாப்பா தவறிவிட்டார் என்று பார்த்தேன்" என்று எழுதினால் போதும். காலமானார், தவறிவிட்டார் என்ற இரண்டும் எந்த வீட்டிலும் யாரையும் உறுத்தாது.

2. யாருக்கு எழுதுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

குடும்பத்துக்கு என்று பொதுவாக எழுதும்போதுதான் தாங்கள், தங்கள், அன்னார் எல்லாம் வந்து உட்காருகின்றன. ஒரு ஆளுக்கு எழுதுங்கள், அவரை நேரில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே தொடங்குங்கள், அண்ணாச்சி என்றால் அண்ணாச்சி, மதினி என்றால் மதினி. நான் அவளைத் தினமும் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், அன்றைக்கு மட்டும் "தங்கள் தாயார்" என்று எழுதியிருந்தேன். தெரியாத யாரோ எழுதின மாதிரி இருந்தது என்று சொன்னாள்.

இன்னொரு விஷயம். நம் ஊரில் துக்கம் விசாரிப்பதெல்லாம் கொள்ளி போடுகிற மகனை நோக்கியே போகும். அவள் வீட்டிலும் அப்படித்தான், சென்னையில் இருந்து வந்த தம்பிக்கு நூறு செய்தி, இரண்டு வருடம் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்த மகளுக்குப் பத்துக்கூட இல்லை. பார்த்துக்கொண்டவர் மருமகளாகவோ பேத்தியாகவோ இருந்தால் இன்னும் மோசம், அவருக்கு யாரும் எழுதவே மாட்டார்கள். அந்த ஆளைத் தேடி ஒரு செய்தி அனுப்புங்கள். அலுவலகக் குழுவில் அறுபது பேர் வரிசையாகப் போடும் "ஆழ்ந்த இரங்கல்" இருக்கிறதே, அதில் நீங்கள் அறுபத்தோராவதாகச் சேர்வதில் தப்பில்லை, ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த அறிவிப்புக்குக் கட்டைவிரல் உயர்த்தும் குறியை மட்டும் யாரும் போடாதீர்கள். "பார்த்துவிட்டேன்" என்ற பொருளில் நீங்கள் போட்டாலும், அம்மா இறந்த செய்திக்குக் கீழே அது நன்று, நன்று என்று வரிசையாக நிற்கும்.

3. வரிவரியாக மாற்றுங்கள்

என் செய்தியையே எடுத்துக்கொள்வோம்.

"ஆழ்ந்த அதிர்ச்சி அடைந்தேன்." இரண்டு வருடமாகப் படுத்த படுக்கையாக இருந்தவர் இறந்ததில் எனக்கு என்ன அதிர்ச்சி? வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பொய் என்று பார்த்ததுமே தெரிகிற வரி இது. உண்மையில் நடந்ததை எழுதினால் போதும், "தம்பி அனுப்பியதைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை" என்று.

"ஈடு செய்ய முடியாதது." தலைவர்கள் இறந்தால் அறிக்கையில் வரும் வரி. இதை எடுத்துவிட்டு இறந்தவரைப் பற்றி நீங்கள் கண்ணால் பார்த்த, காதால் கேட்ட ஒரே ஒரு விஷயத்தை அந்த இடத்தில் வையுங்கள். செய்தி முழுவதிலும் ஆறுதல் இருப்பது இந்த ஒரு வரியில்தான் என்று நான் இப்போது நம்புகிறேன். அன்பானவர், பண்பானவர் என்றெல்லாம் வேண்டாம், அது எல்லா அம்மாவுக்கும் பொருந்தும். போன மார்கழியில் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா கட்டிலில் படுத்தபடியே, "வந்த பிள்ளைக்குக் காப்பி குடுத்தியாட்டி" என்று மகளை அதட்டினார்கள். அதைத்தான் எழுதியிருக்க வேண்டும். பிறகு ஒருநாள் நான் இதைச் சொன்னபோது அவள் அழுதுவிட்டுச் சிரித்தாள், அவளுக்கே அது மறந்துபோயிருந்தது. இறந்தவரை உங்களுக்குத் தெரியாது என்றால் தெரிந்த மாதிரி எழுதாதீர்கள், மகள் உங்களிடம் அம்மாவைப் பற்றிச் சொன்னது ஏதாவது இருக்கும், "நீ சொல்லித்தான் எனக்கு அவங்களைத் தெரியும்" என்று அதை எழுதலாம்.

"கஷ்டப்படாமல் போயிருக்கிறார்கள், கல்யாணச் சாவு." செய்தியிலேயே மோசமான வரி இதுதான், நான் நல்லது என்று நினைத்து எழுதினேன். வயது கூடிய சாவுக்கு இப்படிச் சொல்வது நம் வழக்கம், கொட்டடித்துக் கொண்டுபோகிற வழக்கமும் உண்டு. ஆனால் அதைச் சொல்லும் உரிமை அந்த வீட்டாருக்குத்தான். மகளே "நல்லபடியா போயிட்டா" என்று சொன்னால் "ஆமா தங்கச்சி" என்று சொல்லுங்கள், நீங்களாக முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். கடைசி நாட்கள் எப்படி இருந்தன என்று உள்ளே இருந்தவருக்கு மட்டும்தான் தெரியும். "இழுத்துக்கிட்டுக் கிடக்காம போனாங்களே", "உனக்கும் விடுதலை" என்பதெல்லாம் இதே வகை. பார்த்துக்கொண்டவரின் மனதில், எப்போது முடியும் என்று ஒரு ராத்திரியாவது நினைத்திருப்போமே என்ற குற்ற உணர்ச்சி ஏற்கெனவே இருக்கும், விடுதலை என்ற சொல் நேராக அங்கே போய்க் குத்தும்.

அப்படியென்றால் "நீ நல்லா பார்த்துக்கிட்ட" என்று எழுதலாமா? நானும் அப்படித்தான் திருத்தி அவளிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்லா பார்த்திருந்தா புண்ணு வந்திருக்குமாக்கா" என்றாள். நல்லா என்பது நாம் போடும் மதிப்பெண், அதை அவர் மனம் ஒத்துக்கொள்ளாது. நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "ஆபீஸ் விட்டதும் நீ பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதைத் தினமும் பார்த்தவள் நான்" என்று மாற்றினேன். அதில் பாராட்டும் இல்லை, தீர்ப்பும் இல்லை. இந்த வரிக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

"தைரியமாக இருங்கள்." அழாதே என்று சொல்வதற்கு இது மரியாதையான வடிவம், அவ்வளவுதான். எடுத்துவிடுங்கள், அந்த இடத்தில் எதையும் வைக்க வேண்டாம். "காலம் ஆற்றும்", "எல்லாம் விதி" என்பவையும் அப்படியே போகட்டும். "எங்க அப்பா போனப்போ நானும்" என்று தொடங்கும் வரியையும் எடுத்துவிடுங்கள், உங்கள் கதையைக் கேட்டு உங்களைத் தேற்றும் வேலை அவர் தலையில் விழும்.

பிரார்த்தனை வரி, அந்த வீட்டுக்கும் உங்களுக்கும் ஒத்துப்போனால் இருக்கலாம். நீங்கள் உண்மையிலேயே கோயிலில் விளக்குப் போடுவீர்கள் என்றால், "நாளைக்கு நெல்லையப்பர் கோயிலில் அம்மாவை நினைத்துக்கொள்வேன்" என்று எழுதலாம். செய்யமாட்டீர்கள் என்றால் வேண்டாம்.

இள வயதுச் சாவு, விபத்து, தற்கொலை என்றால் இன்னும் குறைத்து எழுதுங்கள். எப்படி நடந்தது, எந்த ஆஸ்பத்திரி, ஏன் அங்கே கொண்டுபோனீர்கள் என்ற மூன்றும் செய்தியில் வரவே கூடாது. "கடவுள் நல்லவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்", "இன்னொரு பிள்ளை இருக்கே, அதை நினைச்சுத் தேத்திக்கோ" என்பவற்றைப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். "என்ன எழுத என்று தெரியவில்லை மதினி, உங்களையே நினைச்சுக்கிட்டு இருக்கேன்" என்பது போதும்.

4. உதவி வரியில் ஒரு வேலையின் பெயர் இருக்க வேண்டும்

"எந்த உதவி என்றாலும் கேளுங்கள்" என்றால், என்ன வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்பது என்று தேடி, கூச்சப்பட்டுக் கேட்கும் வேலை முழுவதும் அவருடையது. யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களே முடிவு செய்து ஒன்றைச் சொல்லுங்கள். முதல் நாளில் வேலைக்கு ஆகிறவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். வெளியூரில் இருந்து வரும் சொந்தக்காரர்களை ஜங்ஷனில் இருந்து கூட்டி வருவது, பிள்ளைகளுக்கு இட்லி வாங்கிக் கொடுப்பது, அலுவலகத்தில் விடுப்புச் சொல்வது. பணமாகக் கொடுப்பது என்றால் அதைச் செய்தியில் எழுதாதீர்கள், வீட்டுப் பெரியவர் ஒருவர் கையில் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

பத்து நாள் கழித்து அனுப்பும் இரண்டாவது செய்தியில் இறப்புச் சான்றிதழைப் பற்றிக் கேட்கலாம், முதல் செய்தியில் கேட்காதீர்கள். இறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. தாண்டினால் தாமதக் கட்டணம் வரும், ஒரு வருடமும் தாண்டிவிட்டால் அதிகாரியின் உத்தரவு வாங்க அலைய வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இறந்திருந்தால் நாம்தான் சொல்ல வேண்டும், கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம், பாளையங்கோட்டை போன்ற இடம் என்றால் மாநகராட்சியில். ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் இனிஷியலோடு கொடுங்கள், பிறகு வங்கியிலும் வாரிசுச் சான்றிதழுக்கும் அதைத்தான் வைத்துப் பார்ப்பார்கள். "அம்மாவின் ஆதார் நகலைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பு, சான்றிதழுக்கு நான் போய் நிற்கிறேன்" என்ற ஒரு வரி, துக்கத்தில் இருக்கிறவருக்கு இரண்டு நாள் அலைச்சலை மிச்சம் பண்ணும்.

5. அனுப்பும் முன் எழுத்தைச் சரிபாருங்கள்

இறப்புக்கு வல்லின ற, இரங்கலுக்கு இடையின ர. மாற்றிப் போட்டால் இரப்பு என்பது பிச்சை கேட்பது, இறங்கல் என்பது பஸ்ஸில் இருந்து இறங்குவது. செல்போனில் வாயால் சொல்லி எழுத வைத்தால் இது அடிக்கடி நடக்கிறது. பழைய செய்தியை நகலெடுத்து அனுப்புகிறவர்கள் அதில் இருக்கும் வேறொருவர் பெயரை மாற்ற மறந்துவிடுகிறார்கள், "தந்தையாரின்" என்பது அப்படியே இருக்கும், இறந்தது தாயாக இருக்கும். "பாடி எப்போ எடுக்காங்க" என்று எழுதாதீர்கள், "அம்மாவை எப்போ எடுக்காங்க" என்று எழுதுங்கள், அதையும் மகளிடம் கேட்காமல் பக்கத்து வீட்டிலோ தம்பியிடமோ கேளுங்கள். கடைசியில் நன்றி, வணக்கம், மீண்டும் சந்திப்போம் எதுவும் வேண்டாம். துட்டி வீட்டில் "போயிட்டு வாரேன்" சொல்லாத நாம் எழுத்திலும் அப்படியே முடித்துவிடலாம்.

6. திருத்திய செய்தி

"தங்கச்சி, அம்மா தவறிட்டாங்கன்னு தம்பி அனுப்பினதைப் பார்த்தேன். மனசு கேக்கலை. ஆபீஸ் விட்டதும் நீ பஸ்ஸைப் பிடிக்க ஓடுறதைத் தினமும் பார்த்தவ நான். போன மார்கழியில உங்க வீட்டுக்கு வந்தப்போ, படுத்துக்கிட்டே 'வந்த பிள்ளைக்குக் காப்பி குடுத்தியாட்டி'ன்னு உன்னை அதட்டினாங்களே, அந்தக் குரல் காதுலயே இருக்கு. உன் மேசை வேலையை இந்த ரெண்டு வாரம் நான் பார்த்துக்கிடுதேன், மேனேஜர்கிட்ட சொல்லியாச்சு. காலையில எடுக்கிறதுக்கு முன்ன வந்துருவேன். இதுக்குப் பதில் எழுதாதே."

பழையதைவிட இது கொஞ்சம் நீளம்தான், ஆனால் வேறு எந்த வீட்டுக்கும் இதை அனுப்ப முடியாது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நூற்றுக்கணக்கில் வரும் செய்திகளுக்குப் பதில் போட முடியவில்லையே என்பதும் அவர்களுக்கு ஒரு பாரமாக இருக்கிறது.

7. எப்போது, எதில் அனுப்புவது, எவ்வளவு செலவு

தெரிந்த அன்றைக்கே அனுப்புங்கள், ராத்திரி என்றாலும் பரவாயில்லை, போன் மட்டும் அடிக்காதீர்கள். நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது என்றால் ஏன் தாமதம் என்று அரைப் பக்கம் விளக்க வேண்டாம், "இன்றைக்குத்தான் தெரிந்தது" என்பது போதும்.

வாட்ஸப் இல்லாத பெரியவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். 20 கிராம் வரை உறைக்கு 5 ரூபாய் தபால்தலை போதும். பழக்கத்தில் மேலே பிள்ளையார் சுழி போட்டு "நலம், நலமறிய ஆவல்" என்று கை தானாக எழுதிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்தில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைப்பது என்று பேச்சு வந்தது, அதற்குச் சதுர அடிக் கணக்கில் பணம் வாங்குகிறார்கள். வைப்பதாக இருந்தால் படத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்குங்கள், அச்சுக்கு முன் பெயரையும் தேதியையும் வீட்டு ஆள் ஒருவரிடம் காட்டுங்கள், அஞ்சலி செலுத்துவோர் பெயர்கள் இறந்தவர் பெயரைவிடப் பெரிதாக வேண்டாம். நான் கேட்டால் பிளக்ஸ் வேண்டாம், அந்தப் பணத்துக்குப் பதினாறு வரை அந்த வீட்டுக்குப் பால் வாங்கிக் கொடுக்கலாம் என்பேன்.

8. பதினாறுக்குப் பிறகு

எல்லா வீட்டிலும் பதினாறாம் நாள் இல்லை, கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். எதுவானாலும் அது முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறின மறுநாள்தான் வீடு வெறிச்சென்று ஆகும், அன்றைக்கு ஒருவரும் எழுத மாட்டார்கள். போனில் குறித்துவைத்து அன்றைக்கு ஒரு வரி அனுப்புங்கள், "இன்னைக்கு எல்லாரும் போயிருப்பாங்களே, சாப்பிட்டியா" என்று.

அந்த வருடம் முழுக்க அந்த வீட்டில் தீபாவளி, பொங்கல் கிடையாது. மொத்தமாக வாழ்த்து அனுப்ப வைத்திருக்கும் பட்டியலில் இருந்து அவர் எண்ணை உடனே எடுத்துவிடுங்கள், பண்டிகை அன்று காலை ஞாபகம் இருக்காது. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிறந்த வீட்டில் இருந்து பொங்கப்படி வரும். அம்மா போன முதல் தையில் அது அம்மா கையால் வராது. அவளுக்குப் பொங்கலுக்கு முந்தின நாள், "அம்மா ஞாபகமாவே இருப்பே, சாயங்காலம் வாரேன்" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தலைத்திவசத்துக்குச் செய்தி அனுப்ப நினைத்தால் இறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். திதி பார்த்துச் செய்கிற வீடுகளில் அது தேதிக்குப் பத்து நாளுக்கு மேலேகூட முன்னேயோ பின்னேயோ போகும். கிறிஸ்தவ வீடுகளில் இங்கிலீஷ் தேதியே. தம்பியிடமோ அவள் வீட்டுக்காரரிடமோ ஒரு மாதம் முன்னால் கேட்டு, இரண்டையும் காலண்டரில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.